ஒளிச்சேர்க்கையும் சுவாசித்தலும்: இடம் மாறிப்போன விடையைத் திருத்துவது எப்படி?

*மாலை வகுப்பில் பிளஸ் ஒன் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித் தருகிறேன். நான் படித்தது கணிதம். உயிரியல் விடையைத் திருத்தும்போது தடுமாறுகிறேன். ‘ஒளிச்சேர்க்கையையும் செல் சுவாசத்தையும் ஒப்பிடுக’ என்ற கேள்விக்கு ஒரு மாணவி எழுதியதைக் கீழே தந்திருக்கிறேன். படித்தால் எல்லாம் சரி போலத்தான் தெரிகிறது. உள்ளே போவதும் வெளியே வருவதும் மாறியிருக்கிறதா, இடங்கள் சரிதானா என்று எப்படிப் பார்ப்பது, ஐயா?*

*“ஒளிச்சேர்க்கை பசுங்கணிகத்தில் நடக்கிறது. கிரானாவில் நடக்கும் ஒளிவினையில் கார்பன் டை ஆக்சைடு பிளக்கப்பட்டு ஆக்சிஜன் வெளியேறுகிறது. உண்டான ஏடிபியும் என்ஏடிபியும் ஸ்ட்ரோமாவுக்குச் செல்கின்றன. அங்கே இரவில் நடக்கும் இருள்வினையில் நீருடன் சேர்ந்து குளுக்கோஸ் உண்டாகிறது. சுவாசித்தல் மைட்டோகாண்ட்ரியாவில் நடக்கிறது. அதில் கிளைக்காலிசிஸ் மூலம் குளுக்கோஸ் இரண்டு பைருவிக் அமிலமாக உடைந்து கார்பன் டை ஆக்சைடு வெளியேறுகிறது. உட்சவ்வில் நடக்கும் கிரப்ஸ் சுழற்சி ஆக்சிஜனைப் பயன்படுத்துகிறது. எலக்ட்ரான் கடத்துச் சங்கிலி மேட்ரிக்ஸில் நீரைப் பிளந்து 38 ஏடிபி தருகிறது. ஆகவே சுவாசித்தல் என்பது ஒளிச்சேர்க்கை திரும்பி நடப்பதே.”*

எண்ணிப் பார்த்தால் இந்த விடையில் பத்துக்கு மேல் பிழை வரும். ஆனால் பெரும்பாலானவை கடைசி வரியிலிருந்து முளைத்தவை. ஒன்று மற்றதன் தலைகீழ் என்று நம்பிவிட்ட பிள்ளை, மனப்பாடம் செய்த சொற்களை அந்த நம்பிக்கைக்கு ஏற்ப அடுக்கியிருக்கிறாள். மொத்தச் சமன்பாட்டைப் பார்த்தால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும். ஒரு பக்கம் கார்பன் டை ஆக்சைடும் நீரும், மறுபக்கம் குளுக்கோஸும் ஆக்சிஜனும். அம்புக்குறியைத் திருப்பிவிட்டால் மற்றது கிடைத்துவிடுகிறது. அதனால்தான் மொத்தச் சமன்பாட்டைக் கையில் வைத்துக்கொண்டு இப்படிப்பட்ட விடையைத் திருத்த முடிவதில்லை. இரண்டு சமன்பாடுகளையும் சரியாக எழுதிவிட்டு, நடுவில் உள்ள அத்தனை கட்டங்களையும் தவறாக எழுத ஒரு மாணவரால் முடியும்.

மேலிருந்து கீழாக வரிவரியாக வாசிப்பதும் உதவாது. ஒவ்வொரு வரியிலும் பாடநூலில் உள்ள சொற்களே இருப்பதால் கண் வழுக்கிக்கொண்டு போய்விடும். நான் செய்வது வேறு: ஒரு பொருளை எடுத்துக்கொண்டு, அது விடை முழுவதிலும் எங்கே நுழைகிறது, எங்கே வெளியேறுகிறது என்று அதை மட்டும் பின்தொடர்வேன். முதலில் ஆக்சிஜன், பிறகு எலக்ட்ரானைச் சுமக்கும் மூலக்கூறுகள், கடைசியில் இடம். நீங்கள் கணிதக்காரர் என்பதால் இது உங்களுக்கு எளிதாகவே வரும். பாதிக்குமேல் வெறும் எண்ணிக்கைதான்.

ஆக்சிஜனைப் பின்தொடருங்கள்

மேல்வகுப்புப் பாடநூல்களில் ஒளிச்சேர்க்கையின் சமன்பாடு இப்படி இருக்கும்:

6CO₂ + 12H₂O → C₆H₁₂O₆ + 6O₂ + 6H₂O

இரண்டு பக்கமும் நீர் இருக்கிறதே, ஆறை அடித்துவிடலாமே என்று பிள்ளைகள் கேட்பார்கள். கணக்குப்படி அடிக்கலாம், ஆனால் அடித்தால் ஒரு செய்தி தொலைந்துபோகும். வெளிவருவது 6O₂, அதாவது பன்னிரண்டு ஆக்சிஜன் அணுக்கள். அவை அத்தனையும் நீரிலிருந்து வருகின்றன. ஒரு நீர் மூலக்கூறில் ஓர் ஆக்சிஜன் அணுதான் உண்டு என்பதால் பன்னிரண்டு நீர் மூலக்கூறுகள் தேவை. கார்பன் டை ஆக்சைடில் உள்ள பன்னிரண்டு ஆக்சிஜன் அணுக்களில் ஆறு குளுக்கோஸுக்குள் போகின்றன, மீதி ஆறு புதிதாக உண்டாகும் ஆறு நீர் மூலக்கூறுகளில் போய்ச் சேர்கின்றன. ஒரு அணுகூட வாயுவாக வெளியே வருவதில்லை.

இது சமன்பாட்டைச் சரிக்கட்டுவதற்காகச் சொல்லப்பட்ட கதை அல்ல. கந்தக பாக்டீரியா சில, நீருக்குப் பதிலாக ஹைட்ரஜன் சல்ஃபைடைப் பயன்படுத்தி ஒளிச்சேர்க்கை செய்கின்றன. அவற்றிலிருந்து ஆக்சிஜன் வருவதில்லை, கந்தகம்தான் வருகிறது. கார்பன் டை ஆக்சைடு இரண்டிலும் பொதுவாக இருக்க, மாறியது ஹைட்ரஜன் தரும் பொருள் மட்டுமே. எனவே தாவரத்தில் வெளிவரும் ஆக்சிஜன் நீரிலிருந்துதான் வர வேண்டும் என்று வான் நீல் ஊகித்தார். 1937-இல் ராபர்ட் ஹில், இலையிலிருந்து பிரித்தெடுத்த பசுங்கணிகங்களுக்கு ஒளியையும், எலக்ட்ரானை வாங்கிக்கொள்ள ஓர் இரும்பு உப்பையும் கொடுத்தார். கார்பன் டை ஆக்சைடு ஒடுக்கமடையாமலேயே ஆக்சிஜன் வந்தது. 1941-இல் ரூபன், காமன் குழுவினர் குளோரெல்லா என்ற பாசிக்கு ஆக்சிஜன்-18 கலந்த நீரைக் கொடுத்துப் பார்த்தபோது, வெளிவந்த வாயுவிலும் அதே விகிதத்தில் ஆக்சிஜன்-18 இருந்தது.

இப்போது சுவாசித்தலுக்கு வாருங்கள். அதையும் முழுதாக எழுதுவோம்:

C₆H₁₂O₆ + 6H₂O + 6O₂ → 6CO₂ + 12H₂O

உள்ளே வரும் 6O₂-இன் பன்னிரண்டு அணுக்களும் வலப்பக்கத்து நீருக்குள் போகின்றன. பன்னிரண்டு நீர் மூலக்கூறுகள் இருப்பது அதனால்தான். கார்பன் டை ஆக்சைடில் இருக்கும் பன்னிரண்டு ஆக்சிஜன் அணுக்களோ, ஆறு குளுக்கோஸிலிருந்தும் ஆறு நீரிலிருந்தும் வந்தவை. ‘நாம் இழுக்கும் ஆக்சிஜன்தான் கார்பனோடு சேர்ந்து கார்பன் டை ஆக்சைடாக வெளியே வருகிறது’ என்று வகுப்பிலேயே சொல்லிக் கேட்டிருக்கிறேன். விறகு எரிவதற்கு அது பொருந்தும், செல்லுக்குப் பொருந்தாது.

இந்தச் செய்தியோடு மட்டும் உங்கள் மாணவியின் விடைக்குள் போங்கள். ‘கார்பன் டை ஆக்சைடு பிளக்கப்பட்டு ஆக்சிஜன் வெளியேறுகிறது’: தவறு, பிளக்கப்படுவது நீர். ‘இருள்வினையில் நீருடன் சேர்ந்து குளுக்கோஸ்’: தவறு; அங்கே உள்ளே போக வேண்டியது கார்பன் டை ஆக்சைடு. ஒளிவினைக்கு உரியதையும் இருள்வினைக்கு உரியதையும் அவள் அப்படியே கைமாற்றிவிட்டாள். ‘கிரப்ஸ் சுழற்சி ஆக்சிஜனைப் பயன்படுத்துகிறது’: தவறு, ஆக்சிஜன் சேருமிடம் நீர், நீர் உண்டாவது எலக்ட்ரான் கடத்துச் சங்கிலியின் கடைசிப் படியில். ‘சங்கிலி நீரைப் பிளந்து’: முற்றிலும் தலைகீழ், அங்கே நீர் உண்டாகிறது. ஆக்சிஜன் என்ற ஒரே நூலைப் பிடித்து இழுத்ததில் நான்கு பிழைகள் வந்துவிட்டன.

கிரப்ஸ் சுழற்சியைப் பற்றிய பிழை கொஞ்சம் நுட்பமானது. ஆக்சிஜன் இல்லாவிட்டால் கிரப்ஸ் சுழற்சி நின்றுபோகும் என்பது உண்மை. அதைப் படித்த பிள்ளை, அந்தச் சுழற்சியே ஆக்சிஜனைப் பயன்படுத்துகிறது என்று எழுதிவிடுகிறது. நிற்பதற்கான காரணம் வேறு. அது அடுத்த பகுதியில் தெரியும்.

நிரம்பிய கேனும் காலிக் கேனும்

வீட்டுக்குத் தண்ணீர் கேன் போடுகிறவர் நிரம்பிய கேனை வைத்துவிட்டுக் காலிக் கேனை எடுத்துப்போவார். என்ஏடிபிஎச், என்ஏடிஎச் போன்றவற்றை அப்படிப் பாருங்கள். ‘எச்’ இருந்தால் நிரம்பியது. ஒவ்வொன்றும் இரண்டு எலக்ட்ரான்களைச் சுமந்து நிற்கிறது. ‘எச்’ இல்லாத என்ஏடிபி, என்ஏடி ஆகியவை காலி. ஏடிபியும், அது செலவாகி ஒரு பாஸ்பேட்டை இழந்தபின் கிடைக்கும் வடிவமும் தமிழில் ஒரே மாதிரி எழுதப்படுவதால், பிள்ளைகள் குழம்பாமல் இருக்க, நான் இதைப் பலகையில் ATP, ADP என்றே எழுதிக் காட்டுவேன். ATP நிரம்பியது, ADP காலி.

கேன் எங்கே நிரம்புகிறது, எங்கே காலியாகிறது என்பதே கேள்வி. ஒளிச்சேர்க்கையில், கிரானாவாக அடுக்கப்பட்டிருக்கும் தைலகாய்டு என்ற பைகளின் சவ்வில் நிரம்பி ஸ்ட்ரோமாவில் காலியாகிறது. சுவாசித்தலில் கிளைக்காலிசிஸிலும் கிரப்ஸ் சுழற்சியிலும் நிரம்பி, உட்சவ்வில் காலியாகிறது. ஒரு கட்டம் கேனை நிரப்புகிறது என்று எழுதினால், அதைக் காலிசெய்யும் இன்னொரு கட்டம் அதே விடையில் இருக்க வேண்டும். உங்கள் மாணவி ‘என்ஏடிபி ஸ்ட்ரோமாவுக்குச் செல்கிறது’ என்று எழுதியிருக்கிறாள்; அதாவது ஒளிவினை காலிக் கேனை அனுப்புகிறது. ஒற்றை எழுத்து விடுபட்டதாகத் தோன்றும், ஆனால் பொருள் தலைகீழாகிவிடுகிறது. சுவாசித்தல் பகுதியிலோ கேனே இல்லை. கிளைக்காலிசிஸிலிருந்தும் கிரப்ஸிலிருந்தும் என்ன போய்ச் சங்கிலியை ஓட்டுகிறது என்று அவள் சொல்லவில்லை. விடுபட்ட அந்த இடத்தை நிரப்பத்தான் ‘நீரைப் பிளந்து’ என்று எழுதிவிட்டாள் என்று நினைக்கிறேன்; சங்கிலிக்கு எலக்ட்ரான் எங்கிருந்தாவது வர வேண்டுமே.

இங்கே எண்ணிக்கை அழகாகப் பொருந்தும். ஒரு குளுக்கோஸுக்கு ஈடான சர்க்கரை உண்டாக, இருள்வினையான கால்வின் சுழற்சிக்கு 12 என்ஏடிபிஎச் வேண்டும். அதாவது 24 எலக்ட்ரான்கள். ஒரு நீர் மூலக்கூறைப் பிளந்தால் இரண்டு எலக்ட்ரான்கள் கிடைக்கும். ஆக 12 நீர், 6 ஆக்சிஜன். சமன்பாட்டில் இருப்பதும் அதுதான். சுவாசித்தலில் ஒரு குளுக்கோஸிலிருந்து 10 என்ஏடிஎச்சும் 2 எஃப்ஏடிஎச்2-வும் கிடைக்கின்றன: கிளைக்காலிசிஸில் 2, பைருவிக் அமிலம் அசிட்டைல் கோ-ஏ ஆகும்போது 2, கிரப்ஸில் 6 என்ஏடிஎச்சும் 2 எஃப்ஏடிஎச்2-வும். பன்னிரண்டு கேன்கள், 24 எலக்ட்ரான்கள். ஓர் ஆக்சிஜன் மூலக்கூறு நான்கு எலக்ட்ரான்களை வாங்கிக்கொள்ளும். 24-ஐ 4-ஆல் வகுத்தால் 6. சமன்பாட்டில் உள்ள ஆறு ஆக்சிஜனும் சங்கிலியின் முனையிலேயே தீர்ந்துவிட்டன. கிரப்ஸ் சுழற்சிக்குக் கொடுக்க ஒன்றுகூட மீதி இல்லை.

கிரப்ஸ் ஏன் நிற்கிறது என்பதும் இதிலேயே இருக்கிறது. ஆக்சிஜன் இல்லையென்றால் சங்கிலியில் கேன் காலியாகாது. காலிக் கேன் திரும்பி வராவிட்டால் கிரப்ஸ் சுழற்சி எதை நிரப்பும்? கிளைக்காலிசிஸுக்கும் அதே நிலைதான். ஆனால் ஈஸ்டும் நம் தசையும் பைருவிக் அமிலத்தையே எத்தனாலாகவோ லாக்டிக் அமிலமாகவோ மாற்றி, அந்த வழியில் கேனைக் காலிசெய்துகொள்கின்றன. நொதித்தலின் வேலையே அதுதான்.

கார்பன் டை ஆக்சைடையும் இப்படியே எண்ணிவிடலாம். குளுக்கோஸில் ஆறு கார்பன், பைருவிக் அமிலத்தில் மூன்று, அது இரண்டு. மூவிரண்டு ஆறு, கிளைக்காலிசிஸில் ஒரு கார்பனும் தொலையவில்லை. எனவே அங்கே கார்பன் டை ஆக்சைடு வெளிவர வழியே இல்லை. ‘இரண்டு பைருவிக் அமிலமாக உடைந்து கார்பன் டை ஆக்சைடு வெளியேறுகிறது’ என்ற வரி தனக்குத்தானே முரணானது. உயிரியல் தெரியாதவர்கூட அதைப் பிடித்துவிடலாம். ஆறு கார்பனில் இரண்டு அசிட்டைல் கோ-ஏ உண்டாகும் படியிலும், நான்கு கிரப்ஸிலும் வெளியேறுகின்றன.

இடம்: எதற்குச் சவ்வு வேண்டும்?

இடங்களைப் பட்டியலாக மனப்பாடம் செய்த பிள்ளைதான் மாற்றி எழுதும். காரணம் தெரிந்தால் மாற்றி எழுதுவது கடினம். எலக்ட்ரான்கள் கைமாறி ஓடும்போது, அந்த ஆற்றலைக் கொண்டு ஹைட்ரஜன் அயனிகள் ஒரு சவ்வின் ஒரு பக்கத்தில் குவிக்கப்படுகின்றன. அவை மறுபக்கத்துக்குத் திரும்ப ஏடிபி சின்தேஸ் என்ற நொதியின் வழியாகவே போக வேண்டியிருக்கிறது. அப்போது ஏடிபி உண்டாகிறது. பீட்டர் மிட்செல் 1961-இல் முன்வைத்து, 1978-இல் நோபல் பரிசு பெற்ற கருத்து இது. குவிப்பதற்கு இரண்டு பக்கங்கள் வேண்டும். இரண்டு பக்கங்கள் இருக்கச் சவ்வு வேண்டும். எனவே எலக்ட்ரான் சங்கிலி ஓடும் கட்டம் எதுவானாலும் அது சவ்வில்தான் நடக்கும்: ஒளிவினை தைலகாய்டு சவ்வில், சுவாசித்தலின் எலக்ட்ரான் கடத்தல் மைட்டோகாண்ட்ரியாவின் உட்சவ்வில். மூலக்கூறுகளை வெட்டி ஒட்டும் சுழற்சிகள் கரைசலில் நடக்கும்: கால்வின் ஸ்ட்ரோமாவில், கிரப்ஸ் மேட்ரிக்ஸில்.

சவ்வின் பங்கு எவ்வளவு என்பதை 1966-இல் ஜேகன்டார்ஃப், உரைப் இருவரும் செய்த சோதனை காட்டியது. பசலைக் கீரையிலிருந்து பிரித்த தைலகாய்டுகளை pH 4 உள்ள அமிலக் கரைசலில் ஊறவைத்தார்கள். உள்ளேயும் அமிலமான பிறகு, ADP-யும் பாஸ்பேட்டும் சேர்த்து, வெளிக்கரைசலைச் சட்டென்று pH 8-க்கு மாற்றினார்கள். முழு இருட்டு. ஆனாலும் ஏடிபி உண்டானது. ஒளியின் வேலை அயனிகளைக் குவிப்பது. குவியல் இருந்துவிட்டால் ஏடிபி சின்தேஸ் தன் வேலையைச் செய்துவிடும்.

ஒரு படி மேலே போய்க் கேட்கும் கேள்விகளில் ‘எந்தப் பக்கம் குவிகிறது’ என்று வரும். தைலகாய்டில் உள்ளறைக்குள் குவிகிறது, ஏடிபி ஸ்ட்ரோமா பக்கம் உண்டாகிறது. கால்வின் சுழற்சி அங்கேதான் இருக்கிறது என்பதால் அது கைக்கெட்டும் தூரம். மைட்டோகாண்ட்ரியாவில் இரு சவ்வுகளுக்கு இடைப்பட்ட வெளியில் குவிகிறது, ஏடிபி மேட்ரிக்ஸ் பக்கம் உண்டாகிறது.

மிச்சம் இருப்பது கிளைக்காலிசிஸ். அது சைட்டோபிளாசத்தில் நடக்கிறது. ‘சுவாசித்தல் மைட்டோகாண்ட்ரியாவில்’ என்று ஒரே வரியில் முடிப்பதுதான் இங்கே பெரும்பாலோர் செய்யும் பிழை. மைட்டோகாண்ட்ரியாவே இல்லாத நம் சிவப்பணுக்கள் குளுக்கோஸை உடைத்து ஏடிபி பெறுவதைச் சொன்னால் பிள்ளைகள் மறப்பதில்லை. 1940-களின் இறுதியில் கென்னடியும் லெனிஞ்சரும் எலியின் கல்லீரலிலிருந்து மைட்டோகாண்ட்ரியாவைப் பிரித்து, கிரப்ஸ் சுழற்சியின் வினைகள் அதற்குள் நடப்பதைக் காட்டினார்கள். கிளைக்காலிசிஸின் நொதிகள் செல்லின் கரையும் பகுதியிலேயே தங்கிவிட்டன.

ஆக இடங்களைப் பொறுத்தவரை உங்கள் மாணவி கிரானா, ஸ்ட்ரோமா இரண்டையும் சரியாகச் சொல்லிவிட்டாள். மைட்டோகாண்ட்ரியாவுக்குள் சவ்வையும் மேட்ரிக்ஸையும் மாற்றிவிட்டாள். கிளைக்காலிசிஸை வெளியே எடுக்க மறந்துவிட்டாள்.

‘இரவில்’ என்பதும் இடத்தைப் போன்ற பிழைதான், இடத்துக்குப் பதில் நேரம். கால்வின் சுழற்சிக்கு வேண்டிய கேன்கள் ஒளி இருக்கும்போதுதான் நிரம்புகின்றன. அதன் சில நொதிகளும் ஒளியில்தான் விழித்துக்கொள்கின்றன. ஒளியில் ஹைட்ரஜன் அயனிகள் தைலகாய்டுக்குள் இழுக்கப்படுவதால் ஸ்ட்ரோமாவின் pH ஏறக்குறைய 8 ஆவது அதற்கு ஒரு காரணம். இருட்டினால் சுழற்சி சிறிது நேரத்திலேயே ஓய்ந்துவிடும். இதன் மறுபக்கமாகத் தாவரம் இரவில் மட்டும் சுவாசிக்கிறது என்று எழுதுபவர்களும் உண்டு. இலை இருபத்து நான்கு மணி நேரமும் சுவாசிக்கிறது. பகலில் ஒளிச்சேர்க்கை அதைவிட வேகமாக நடப்பதால் வெளியிலிருந்து பார்க்கத் தெரிவதில்லை.

கடைசி வரிக்கு எத்தனை மதிப்பெண்?

‘திரும்பி நடப்பதே’ என்ற வரியை முழுதாக அடிக்க வேண்டாம். தொடக்கத்தையும் முடிவையும் மட்டும் பார்த்தால் அது உண்மை. ஆக்சிஜன் அணுக்களின் கணக்குக்கூட நீரிலிருந்து வாயு, வாயுவிலிருந்து நீர் என்று கண்ணாடிப் பிம்பமாகவே வருகிறது. பொய்யாவது நடுவில்தான். கால்வின் சுழற்சியில் ஐந்து கார்பன் உள்ள ரிபுலோஸ் பிஸ்பாஸ்பேட் கார்பன் டை ஆக்சைடை வாங்கிக்கொள்ள, மூன்று கார்பன் உள்ள பாஸ்போகிளிசரிக் அமிலம் இரண்டு உண்டாகின்றன. கிரப்ஸில் நான்கு கார்பன் உள்ள ஆக்சலோ அசிட்டிக் அமிலம் அசிட்டைல் கோ-ஏ-யுடன் சேர்ந்து ஆறு கார்பன் உள்ள சிட்ரிக் அமிலம் ஆகிறது. ஒன்றைத் திருப்பினால் மற்றது வராது. ‘மொத்த வினைகள் எதிரெதிரானவை, வழிகள் வெவ்வேறு’ என்று எழுதியிருந்தால் முழு மதிப்பெண் தரலாம்.

‘38 ஏடிபி’ பற்றியும் கேட்பீர்கள். பழைய கணக்குப்படி என்ஏடிஎச்சுக்கு 3, எஃப்ஏடிஎச்2-வுக்கு 2 என்று வைத்தால் சங்கிலியிலிருந்து 34, கிளைக்காலிசிஸிலும் கிரப்ஸிலும் நேரடியாக இரண்டிரண்டு, மொத்தம் 38. ஆக 38 என்ற எண் மொத்தத்துக்கு உரியது, சங்கிலிக்கு மட்டும் அல்ல. இப்போது 2.5, 1.5 என்று கணக்கிட்டு 30 முதல் 32 வரை சொல்கிறார்கள். எந்த எண்ணை எழுதினாலும் பிள்ளையின் பாடநூலில் உள்ளதை ஏற்றுக்கொள்ளுங்கள். அதற்காக மதிப்பெண் குறைப்பது நியாயமில்லை.

ஒரு பிழையின் தொடர்ச்சியாக வரும் இன்னொன்றுக்கு மீண்டும் குறைக்காமல் இருப்பதும் நல்லது. நீரையும் கார்பன் டை ஆக்சைடையும் கைமாற்றியது ஒரே பிழை. இரண்டு வரிகளில் தெரிகிறது, அவ்வளவுதான். கிரப்ஸுக்கும் சங்கிலிக்கும் இடம் மாறியதும் அப்படியே. கிளைக்காலிசிஸின் கார்பன் டை ஆக்சைடு மட்டும் தனிப் பிழை.

சரியான விடைகள் தவறாகத் தெரியும் இடங்களும் சில உண்டு; சிவப்பு மையைத் தொடுவதற்கு முன் கவனியுங்கள். கரும்பு, மக்காச்சோளம் பற்றிய விடையில் கார்பன் டை ஆக்சைடு முதலில் இலையிடைத் திசுவில் நான்கு கார்பன் அமிலமாகப் பிடிக்கப்படுகிறது என்றும், கால்வின் சுழற்சி கற்றை உறைச் செல்களில் நடக்கிறது என்றும் இருந்தால் அது சரி. அன்னாசி போன்ற தாவரங்கள் இரவில் கார்பன் டை ஆக்சைடைப் பிடித்து மாலிக் அமிலமாகச் சேர்த்துவைக்கின்றன என்று எழுதியிருந்தால் அதுவும் சரி. கால்வின் சுழற்சி அவற்றிலும் பகலில்தான். பாக்டீரியாவில் மைட்டோகாண்ட்ரியா இல்லை என்பதால் எலக்ட்ரான் சங்கிலி அதன் செல் சவ்வில் இருக்கும். கிரப்ஸ் சுழற்சியின் நொதிகளில் சக்சினேட் டிஹைட்ரஜனேஸ் என்ற ஒன்று மட்டும் உட்சவ்வில் பதிந்திருக்கிறது. யாராவது அதைக் குறிப்பிட்டிருந்தால் அந்தப் பிள்ளை நன்றாகப் படித்திருக்கிறது என்று பொருள். ஆனால் அதை வைத்து ‘கிரப்ஸ் உட்சவ்வில்’ என்ற பொதுவான வரியைக் காப்பாற்ற முடியாது.

உங்கள் மாணவியின் சொற்களையே முடிந்தவரை வைத்துக்கொண்டு திருத்தினால் இப்படி வரும்:

“ஒளிச்சேர்க்கை பசுங்கணிகத்தில் நடக்கிறது. கிரானாவின் தைலகாய்டு சவ்வில் நடக்கும் ஒளிவினையில் நீர் பிளக்கப்பட்டு ஆக்சிஜன் வெளியேறுகிறது. உண்டான ஏடிபியும் என்ஏடிபிஎச்சும் ஸ்ட்ரோமாவில் நடக்கும் இருள்வினையில் செலவாகி, கார்பன் டை ஆக்சைடு சர்க்கரையாக ஒடுக்கப்படுகிறது. சுவாசித்தல் சைட்டோபிளாசத்தில் தொடங்குகிறது. அங்கே கிளைக்காலிசிஸில் குளுக்கோஸ் இரண்டு பைருவிக் அமிலமாக உடைகிறது. மைட்டோகாண்ட்ரியாவின் மேட்ரிக்ஸில் பைருவிக் அமிலம் அசிட்டைல் கோ-ஏ ஆகி, கிரப்ஸ் சுழற்சியில் நுழைகிறது. இவ்விரு படிகளிலும் கார்பன் டை ஆக்சைடு வெளியேறுகிறது. இதுவரை உண்டான என்ஏடிஎச், எஃப்ஏடிஎச்2 ஆகியவை உட்சவ்வில் உள்ள எலக்ட்ரான் கடத்துச் சங்கிலியில் எலக்ட்ரான்களைத் தருகின்றன. அவற்றை ஆக்சிஜன் ஏற்று நீராகிறது.”

இதை அவளிடம் கொடுத்தால் இதையும் மனப்பாடம் செய்துவிடுவாள். அதற்கு முன் இரண்டு கேள்விகளைக் கேட்டுப் பாருங்கள். பிரித்தெடுத்த மைட்டோகாண்ட்ரியாவை ADP-யும் பாஸ்பேட்டும் உள்ள கரைசலில் வைத்து, வெறும் குளுக்கோஸை மட்டும் கொடுத்தால், கரைசலில் உள்ள ஆக்சிஜன் குறையுமா? குறையாது, குளுக்கோஸை உடைக்கும் நொதிகள் வெளியே சைட்டோபிளாசத்தில் தங்கிவிட்டன. பைருவிக் அமிலத்தோடு சிறிது மாலிக் அமிலமும் கொடுத்தால் குறையும். இரண்டாவது: ஸ்ட்ரோமாவைக் கழுவி நீக்கிய தைலகாய்டுகளுக்கு ஒளியும் என்ஏடிபி போல எலக்ட்ரானை ஏற்கும் ஒரு பொருளும் கொடுத்தால் என்ன கிடைக்கும்? ஆக்சிஜன் கிடைக்கும், சர்க்கரை கிடைக்காது. இரண்டுக்கும் காரணத்தோடு பதில் சொல்லிவிட்டாள் என்றால், அடுத்த தேர்வில் இடம் மாற்றி எழுத மாட்டாள். முதல் கேள்விக்கு ‘குறையும்’ என்றால், அவளை மீண்டும் கிளைக்காலிசிஸில் உட்கார வையுங்கள். கிரப்ஸுக்குப் போக அவசரம் இல்லை.